ஒரே போனில் மூன்று பேர்

அந்த மின்னஞ்சலை நான் திறந்தது ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல். என் ஆய்வுக் கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்திருந்தது. நிராகரிக்கவில்லை, திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. அடுத்த பத்தியைப் படிக்கும் வரைதான் அது.

பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான். பதில் அனுப்பியவர்களில் கணிசமான பேரை நீக்கியிருக்கிறீர்கள். யாரை, எந்தக் காரணத்துக்காக, முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா? நீக்கப்பட்டவர்களும் மிச்சமிருப்பவர்களும் ஒரே மாதிரியானவர்களா? இதெல்லாம் தெரியாமல் கடைசியில் எஞ்சிய உங்கள் மாதிரிக் குழுவை நான் எப்படி நம்புவது?

நான் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி. ‘தரவுகள் சுத்தம் செய்யப்பட்ட பின் பகுப்பாய்வு மேற்கொள்ளப்பட்டது.’ அவ்வளவுதான். வீட்டைப் பெருக்கினேன் என்று சொன்னால் குப்பையில் என்ன போனது என்று யார் கேட்கிறார்கள்? தோடு தொலைந்தால்தான் கேட்பார்கள்.

என் முனைவர் பட்டப் பதிவுக்கு அது கடைசி நீட்டிப்பு. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். இல்லையென்றால் இத்தனை வருடம் வெயிலில் அலைந்ததும், வீட்டில் எல்லோரையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வைத்ததும் வீண். எனக்குப் பதற்றம் வந்தால் பசி போய்விடும், வாய் மட்டும் நீளும். அன்று கண்டக்டர் சில்லறை கேட்டதற்கே எரிந்து விழுந்தேன், பாவம்.

ஆய்வு பெரிய சிக்கலானது ஒன்றும் இல்லை. கணவர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஒரு பக்கம், கணவர் தினமும் வீட்டுக்கு வரும் பெண்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பிலும் தனிமை உணர்வு எவ்வளவு என்று ஒரு கேள்வித்தாளால் அளந்து ஒப்பிடுவது. முதல் தரப்பு திருச்சியின் பழைய நகரத் தெருக்களில் கிடைத்தது. இரண்டாவது தரப்பு திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்புகளில். கேள்வித்தாள் வாட்ஸ்அப்பில் வந்த லிங்க். போனிலேயே நிரப்பி அனுப்பலாம். பின்னால் தொடர்புகொள்ள ஒரு போன் நம்பர் கேட்டிருந்தோம்.

எங்கள் கைடு மேடம் அறையில் மின்விசிறி சத்தத்துக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் கவலைதான். என் நீட்டிப்புக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர்.

“நீக்குன காரணத்தை வரிசையா எழுதி அனுப்பிடுங்க. டேட்டாவைத் திரும்பத் தொட வேண்டாம். நல்லா வந்திருக்கிற ரிசல்ட்டு” என்றார்.

நல்லாத்தான் வந்திருந்தது. கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களுக்குத் தனிமை தெளிவாகவே அதிகம் என்றது என் கணக்கு.

உட்கார்ந்து வரிசையாக எழுதினேன். கணவர் ஏற்கெனவே ஊர் திரும்பிவிட்டதால் ஆய்வுக்குப் பொருந்தாதவர்கள். தனிமைக் கேள்விகளில் பாதிக்கு மேல் விட்டுவிட்டவர்கள். கவனத்தைச் சோதிக்க நடுவில் வைத்த ‘இங்கே மூன்றாவது விடையைத் தொடுங்கள்’ என்ற வரியைப் படிக்காமல் வேறெதையோ தொட்டவர்கள். ஒரே விஷயத்தை நேராகவும் எதிர்மறையாகவும் கேட்ட கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே விடையைக் குத்தியவர்கள். கடைசியாக, ஒரே போன் நம்பரில் வந்த இரண்டாவது, மூன்றாவது பதில்கள். ஒருவரே இரண்டு தடவை அனுப்பியிருப்பார் என்று முதல் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்திருந்தேன். இந்த விதிகளை எல்லாம் பதில்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தோம். அதனால் தைரியமாகவே எழுதினேன்.

மதிப்பீட்டாளர் கேட்டபடி ஒவ்வொரு காரணத்துக்கும் எந்தத் தரப்பில் எத்தனை பேர் என்று பிரித்து ஒரு அட்டவணை போட்டேன். மற்ற வரிகளில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தன. போன் நம்பர் வரியில் திருவெறும்பூர்ப் பக்கம் அநேகமாகக் காலி. பழைய நகரத்துப் பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாக நின்றது.

நீக்கிய பதில்களைத் திறந்து பார்த்தேன். ஒரே நம்பர், ஆனால் வயது வேறு, குழந்தைகள் எண்ணிக்கை வேறு, கணவர் இருக்கும் நாடு வேறு. ஒரு பெண் ஒரே மத்தியானத்தில் ஆறு வயது குறைந்து, கணவரைக் குவைத்திலிருந்து துபாய்க்கு மாற்றியிருக்க முடியுமா?

மறுநாள் அந்த நம்பர்களில் ஒன்றுக்குரிய பழைய நகரத்து வீட்டுக்குப் போனேன். ஏற்கெனவே நான்கைந்து முறை போன வீடு. பின்னால் தொடர்புகொள்ளச் சம்மதம் கொடுத்திருந்தார்கள். யார் என்ன விடை சொன்னார்கள் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, எப்படி நிரப்பினார்கள் என்று மட்டும் கேட்பது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மருமகள்களில் நடு மருமகள்தான் கதவைத் திறந்தார். மடியில் பூண்டு உரித்துப் போட்ட தோலைத் தட்டிவிட்டு நாற்காலி போட்டார்.

“எங்க வீட்ல பெரிய போனு மாமிகிட்டதான் இருக்கு. அத்தனை பேரும் கூப்பிடுறது அதுலதான். பெரிய மச்சானும் அதுலதான், எங்க வீட்டுக்காரரு, பிள்ளைங்க அத்தா, அவங்களும் அதுலதான். நீங்க அனுப்புனதையும் அதுலயே போட்டோம். மூத்தவங்க, நானு, சின்னவ. ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவங்க. ஏன் கேக்குறீங்க?”

எனக்கு மழுப்பத் தெரியவில்லை. ஒரே நம்பர் என்பதால் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னேன்.

சிரித்துவிட்டார். “மூணு பேரையும் ஒரு ஆளாக்கிட்டீங்களா? எங்க மாமியே அப்படிச் செஞ்சதில்லைங்க!”

நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் கொஞ்ச நேரம் பூண்டை உரித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“நான் ரெண்டாவதா போட்டேன். அப்ப அதுல நான் இல்லையா?”

இன்னும் வேலை முடியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. திரும்பும் வழியில், திருவானைக்காவல் தாண்டுகிற வரைக்கும், மேடம் சொன்னதே காதில் ஓடியது. தொட வேண்டாம். தொடாமல், ‘ஒரே எண்ணில் வந்த பதில்கள் நீக்கப்பட்டன’ என்று எழுதினால் பொய் இல்லை. படிக்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் எனக்குத் தெரியுமே. அந்தக் குப்பையில் தோடு இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டதே.

இதில் இன்னொரு பயமும் இருந்தது. ரிசல்ட் எனக்கு முன்பே தெரியும். இப்போது யாரைத் திரும்பச் சேர்ப்பது என்று நானே முடிவு செய்தால், எனக்குச் சாதகமானவர்கள் பக்கம் கை தானாகப் போகும். நான் அவ்வளவு உத்தமி இல்லை. அதனால் என் துறையில் எனக்கு அடுத்துச் சேர்ந்த ஆய்வு மாணவியிடம் தரவுக் கோப்பைக் கொடுத்தேன்.

“தனிமை மதிப்பெண் இருக்கிற கட்டம் எல்லாத்தையும் மறைச்சிடும்மா. வயசு, கல்யாணமான வருஷம், பிள்ளைங்க, புருஷன் இருக்கிற நாடு, இது மட்டும் தெரியட்டும். நீ தனியா பாரு, நான் தனியா பாக்குறேன்.”

“உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையாக்கா?” என்று கிண்டலடித்தாள்.

“உனக்குப் பதிவு முடியுற வருஷம் வரும்ல, அப்பப் பேசு” என்றேன்.

எங்கள் புது விதி இதுதான்: எல்லா விவரமும் ஒத்துப்போனால் ஒரே ஆள், முதலில் முழுமையாக வந்த பதில் மட்டும் இருக்கும். விவரங்கள் தெளிவாக வேறுபட்டால் வேறு வேறு ஆட்கள், மற்ற விதிகளிலும் தேறினால் திரும்ப வருவார்கள். இருவரும் தனித்தனியே முடித்து ஒப்பிட்டோம். சில இடங்களில்தான் முரண்பட்டோம், பேசித் தீர்த்தோம். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே நின்றதால் இரண்டு தடவை அழுத்தியவர்கள் நிஜமாகவே சிலர் இருந்தார்கள். மற்ற பெரும்பாலோர் மாமியார் போனில் நிரப்பிய மருமகள்கள்.

பிறகு மறைத்த கட்டங்களைத் திறந்து கணக்கைத் திரும்ப ஓட்டினேன். ஒரே வீட்டுப் பெண்களின் விடைகள் ஒன்றுக்கொன்று ஒட்டி வரும் என்பதால் அதையும் கணக்கில் சேர்த்தேன். பொத்தானை அழுத்தும் முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அழுத்தினேன்.

வித்தியாசம் பாதியாகிவிட்டது. தரப்புகளுக்கு இடையே நிஜமாக வித்தியாசம் உண்டு என்று உறுதியாகச் சொல்கிற அளவுக்கு இல்லை. ‘தெளிவாகவே அதிகம்’ என்று நான் எழுதிய வாக்கியம் செத்துப்போனது. அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மேடமிடம் இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதைப் பாத்துட்டு அவங்க தூக்கிப் போட்டுட்டா?”

போடட்டும் என்று சொல்ல ஆசைதான். வாய் வரவில்லை. “பயமாத்தான் இருக்கு மேடம்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். “அந்த அட்டவணையை ஏன் கடைசியில கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கீங்க? முன்னாடி போடுங்க. எத்தனை பேர் வந்தாங்க, ஒவ்வொரு படியில எத்தனை பேர் போனாங்க, ஏன் போனாங்க, கடைசியில யார் இருக்காங்கன்னு ஒரு படமும் போட்டுடுங்க. போறதுன்னா நேரா போவோம்.”

அப்படியே எழுதினேன். நம்பர் விதியை முன்பே வகுத்தோம் என்றும், அது ஒரு தரப்பை மட்டும் பாதித்தது மதிப்பீட்டின்போதுதான் தெரிந்தது என்றும், முதல் முடிவைப் பார்த்த பிறகே விதியை மாற்றினோம் என்றும், மாற்றியவர்கள் மதிப்பெண்ணைப் பார்க்காமல் முடிவு செய்தார்கள் என்றும் எழுதினேன். பழைய விதிப்படி வந்த முடிவையும் புதிய விதிப்படி வந்த முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் ஊரில் நம்பரை ஆளாக எண்ணக் கூடாது என்ற வரியை அடித்து, திரும்ப எழுதி, கடைசியில் விட்டுவைத்தேன்.

அனுப்பிய பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போன் அதிர்ந்தாலே எனக்கும் அதிரும். வெந்தயக் குழம்பைத் தீய விட்டேன். இரண்டு முறை.

கட்டுரை ஏற்கப்பட்டது. கண்டுபிடிப்பு சிறியதாகிவிட்டது, ஆனால் யாரைப் பற்றிய கண்டுபிடிப்பு என்று இப்போது தெரிகிறது என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். மேடத்துக்குச் சொன்னேன், வீட்டில் சொன்னேன். பிறகு அந்தப் பழைய நகரத்து நம்பரை அழைத்தேன். மாமியார்தான் எடுத்தார்.

“யாரு வேணும்?”

“உங்க மருமகள்கிட்டப் பேசணும்மா.”

“எந்த மருமக? மூணு இருக்கு.”

“நடு மருமகங்க.”

பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலும், வளையல் குலுங்க வருகிற சத்தமும் கேட்டன.

“சொல்லுங்க” என்றார்.

“அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே” என்றேன். “இருக்கீங்க. மூணு பேரும் தனித்தனியா இருக்கீங்க.”

அவர் குரல் போனிலிருந்து விலகி வீட்டுக்குள் திரும்பியது.

“மாமி, இது எனக்கு வந்த போனு.”