ஸ்பீக்கரில் வந்த அழைப்பு

சிதம்பரத்தில் நான் நடத்தும் பரதநாட்டிய வகுப்பில், பாட்டு என் போனிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் போகும். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்தபடியே அதை ஓட்டுவேன், நிறுத்துவேன். அழைப்பு எதுவும் குறுக்கே வராதபடி முதலிலேயே 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுவது வழக்கம். அன்று போடவில்லை. என் ரவிக்கையைத் தைக்கும் கடலூர் டெய்லர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

பாட்டு நின்று, ஸ்பீக்கரில் மணி அடித்தது. எரிச்சலில் முன்வரிசைப் பெண்ணிடம், "ஏய், அத நிறுத்து!" என்று கத்தினேன். அவள் ஓடிப்போய் ஸ்பீக்கரின் பட்டனை அழுத்தினாள். மணி அடிக்கும்போது அழுத்தினால் அது அழைப்பை எடுத்துவிடும். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

பேசியது அவளுடைய அம்மா.

"டீச்சர், அவ அப்பாவுக்கு லீவு கெடைக்கலயாம். அரங்கேற்றத்துக்கு வரமாட்டாரு. அவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க."

கூடமே கேட்டது. நான் பதறிப்போய் கட் செய்தேன். அவள் தன் இடத்துக்குத் திரும்பி, அரைமண்டியில் அமர்ந்து, பாட்டுக்குக் காத்திருந்தாள்.

இப்போதெல்லாம் வகுப்பு தொடங்கும் முன் அவளே என் போனைக் கேட்டு வாங்குகிறாள்.

"'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுட்டேன் டீச்சர். இனிமே எதுவும் கேக்காது."

அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.