அரிசிப் பணத்தில் சேலை வாங்கியவர்

சூரியநெல்லி எஸ்டேட் பஜாரில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. அரிசி, பருப்பு, கொஞ்சம் துணி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்கள் மாதம் முழுக்கப் பற்றில் வாங்கிச் சம்பளத்தன்று தீர்ப்பார்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த மாத அரிசி வரும். தீபாவளி நெருங்கினால் மட்டும் இது என் வீட்டுக்காரருக்கு மறந்துபோகும்.

ஒரு வருடம், போடி மொத்தக்கடையில் ரொக்கத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் தள்ளுபடி என்றதும், அரிசிப் பணம் முழுவதையும் கொடுத்துச் சேலை வாங்கிவந்தார். அலமாரி நிறைந்தது, சாக்கு காலி. அரிசிக்கு எதிர்க்கடைக்குப் போன குடும்பங்கள் தீபாவளித் துணியையும் அங்கேயே எடுத்தன.

மறுவருடம் முன்கூட்டியே சொன்னேன். "அரிசிப் பணத்தத் தொடாதீங்க. சேலைய தவணைக்கு வாங்குங்க."

"கடன் சொல்லி வாங்க நான் என்ன வக்கத்தவனா?"

"லயம் பூரா நம்மகிட்ட கடன் சொல்லித்தான வாங்குது? அவங்கல்லாம் வக்கத்தவங்களா?"

முணுமுணுத்தபடி போடிக்குப் போனவர், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் பில்லோடு திரும்பினார். சரக்கு இரண்டு நாளில் லாரியில் வருமாம். தவணை முப்பது நாள். தீபாவளிக்கோ இன்னும் நாற்பது நாள் இருந்தது. லயத்துக்காரர்களுக்கு எஸ்டேட்டில் போனஸ் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால்தான் போடுவார்கள்.

"போனஸ் வராம சேல விக்காதுல்ல. எத வச்சுக் கட்டுவீங்க?"

"அதான் அரிசிப் பணம் இருக்குல்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் நானே போடிக்கு இறங்கினேன். மொத்தக்கடைக்காரர் பில்லைப் பார்த்துச் சிரித்தார். "தவணைய நீட்டுனா எனக்குப் பணம் முடங்கும், தங்கச்சி."

"தீபாவளி கழிஞ்சு பத்து நாள் குடுங்க அண்ணாச்சி. அதுக்கு முன்னால கேட்டா எங்ககிட்ட இருக்காது."

"அப்ப மூணுல ஒரு பங்கு இப்பவே கட்டிரு. மிச்சத்துக்குத் தீபாவளி கழிஞ்சு பத்து நாள் தாரேன்."

என் சங்கிலியை அந்தத் தெரு பாங்கிலேயே அடகு வைத்து அறுநூறு ரூபாய் கட்டினேன். புதுத் தவணையைப் பில்லிலேயே எழுதச் சொல்லி வாங்கினேன். கடையில் விற்கிற பிள்ளைகள் சட்டை, கவுனுக்குக் கடன் தருகிறவர்கள் இல்லை. அதைச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் வாங்கினேன்.

அந்த வருடம் போனஸ் தாமதித்து, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் வந்தது. பழைய தவணை அதற்குள் கடந்துபோயிருக்கும். நாலு நாளும் கடையில் நிற்க இடமில்லை. அரிசிக்கும் ஒரு நாள் கூடத் தட்டுப்பாடு வரவில்லை. தீபாவளி கழிந்து எட்டாம் நாள் மொத்தக்கடைப் பாக்கியை அடைத்தோம். அதே மாதம் கொஞ்சம் வட்டியோடு சங்கிலியும் திரும்பியது.

மறுவாரம் டீக்கடையில் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "போனஸ் பிந்தும்னு எனக்கு அப்பவே தெரியும். அதான் தவணைய நீட்டிப் போட்டேன்." என்னைப் பார்த்ததும், "ஆனா ரெண்டு ரூபா தள்ளுபடி போச்சே" என்றார்.

அடுத்த வருடம் போடிக்கு நான்தான் போனேன்.