பிள்ளையார் போட்ட சீட்டு

ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரை ஒட்டிய கிளேட்டனில் நாங்கள் பத்துத் தமிழ்க் குடும்பங்கள். கணவன்மார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்ற பெயரில் பகலெல்லாம் எலியோடும் கண்ணாடிக் குழாயோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டை ஓட்டியது நாங்கள்தான். இதை என் கணவரிடம் சொன்னால் சிரிப்பார். மறுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அரசாங்கமே வைத்தியச் செலவைப் பார்க்கும் திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. காப்புறுதியில் தனியாகச் சேர வேண்டும். நாங்கள் சேரவில்லை. இளவயதுத் திமிர். வந்த முதல் குளிர்காலத்திலேயே என் கணவருக்குக் குடல்வால் வீங்கி, அவசரமாக அறுத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆள் பிழைத்தார். பிறகு ஆஸ்பத்திரிப் பில் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் தகப்பனாரிடம் பணம் இருந்தது, ஆனால் அதை இங்கே அனுப்ப வழியில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அங்கே அத்தனை கெடுபிடி. இங்கே வங்கியில் கேட்டால், தற்காலிக விசாக்காரருக்குக் கடன் இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் என் கைக் காப்பு இரண்டும் நகரத்துக் கடையொன்றில் பழந்தங்க விலைக்குப் போயின. அந்தக் கடைக்காரன் தராசில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி இந்தக் கிளேட்டனில் எந்தப் பெண்ணும் அப்படிப் போய் நிற்கக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த வித்தை சீட்டுத்தான். எங்கள் ஊரில் என் தாயார் வருடக்கணக்காகச் சீட்டுப் பிடித்தவர். மாதாமாதம் எல்லோரும் ஆளுக்கொரு பங்கு கட்டுவார்கள். சேர்ந்த தொகை குலுக்கலில் ஒருவருக்குப் போகும். எல்லோருக்கும் ஒருமுறை கிடைத்ததும் அந்தச் சுற்று முடிந்துவிடும். முதல் மாதத் தொகை மட்டும் குலுக்கல் இல்லாமல் சீட்டுப் பிடிக்கிறவருக்கு. அது வழக்கம்.

ஆனால் சாதாரணச் சீட்டு ஆபத்துக்கு உதவாது. ஆபத்து உங்கள் முறை வரும்வரை வாசலில் காத்துக்கொண்டு நிற்குமா? அதனால் நான் ஒரு வேலை செய்தேன். பத்துக் குடும்பத்துக்குப் பதினொரு பங்கு வைத்தேன். அந்தப் பதினோராவது பங்கு யாருக்கும் சொந்தமில்லை. அதைப் பத்துப் பேரும் பிரித்து, தங்கள் பங்கோடு கொஞ்சம் கூட்டிக் கட்டுவார்கள். முதல் மாதத் தொகை எனக்கு வர வேண்டியதல்லவா? அதை நான் எடுக்காமல் அந்த ஆளில்லாப் பங்குக்கே விட்டுக்கொடுத்தேன். அதாவது, சீட்டுத் தொடங்கிய அன்றே ஆபத்துக்கென்று ஒரு முழுத் தொகை கையில் இருக்கும். சொட்டுச் சொட்டாகச் சேரும்வரை ஆண்டவனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதை நான் விளங்கப்படுத்தியபோது, கணக்கிலே பட்டம் வாங்கிய என் கணவர் இரண்டு தரம் கடதாசியில் எழுதிப் பார்த்துவிட்டு, "நீ யூனிவேசிற்றிக்குப் போயிருக்கலாம்" என்றார். "ஆர் பிறகு சமைக்கிறது?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது வழக்கம். அங்கேதான் திட்டத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது, கும்பகோணத்து அக்கா ஒருவரைத் தவிர. எங்களில் மூத்தவர் அவர். அவர் சரி என்றால்தான் மற்றவர்கள் காசை எடுப்பார்கள்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா ஆபத்து, ஆஸ்பத்திரி, சாவுன்னு பேர் வெச்சுப் பணம் சேத்தா, நாமளே அதைக் கூப்பிட்ட மாதிரி ஆகாதா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. கூப்பிடாமலே வந்த குடல்வாலைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் என் காலை மிதித்தார். அக்காவே வழியும் சொன்னார்.

"அந்தப் பங்கைப் பிள்ளையார் பேர்ல போட்டுடுங்க. கேக்கவும் நல்லா இருக்கும்."

அப்படித்தான் பிள்ளையார் எங்கள் சீட்டில் பதினோராவது ஆளாகச் சேர்ந்தார். வங்கியில் அவர் பெயரில் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே என் பெயரும் அக்கா பெயரும் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று ஏற்பாடு. மாதம் தவறாமல் எல்லோரும் கட்டினார்கள். அந்த விஷயத்தில் எங்கள் சனத்தைக் குறை சொல்லமாட்டேன். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவளும் கட்டினாள், பிள்ளை பார்த்துக் காசு வாங்கியவளும் கட்டினாள். சுற்று முடிய முடிய அடுத்த சுற்றுத் தொடங்கினோம். ஒவ்வொரு சுற்றிலும் முதல் தொகை பிள்ளையாருக்கு. மூன்றாம் சுற்றுத் தொடங்கியபோது, ஒரு ஆள் இலங்கைக்கு விமானத்தில் போய் வரப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. விமானச் சீட்டு அப்போது என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எனக்கு நடையே மாறிவிட்டது என்று என் கணவர் கேலி செய்தார். மாறித்தான் இருக்கும். மாறினால் என்ன?

பெயர் வைத்ததன் வினை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. திருநெல்வேலிக்காரர் ஒருவர், நல்ல மனிதர், ஒரு ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"பிள்ளையார் பணம் இவ்ளோ சேந்திருச்சே. மெல்பர்ன்ல நமக்குன்னு ஒரு கோயில் கிடையாது. மெட்ராஸ்ல இருந்து ஒரு சிலையக் கப்பல்ல வரவழைச்சா என்ன?"

எல்லோருடைய முகமும் மலர்ந்தது. கும்பகோணத்து அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் திகைத்துப் போனேன். எதற்காகச் சேர்த்தோம் என்பதை, சேர்த்தவர்களே மறந்துவிட்டார்கள்! அடுத்த ஞாயிறு முடிவெடுப்போம் என்று கலைந்தார்கள். அந்தக் கிழமை முழுவதும் நான் சட்டி பானையைப் போட்டு உடைக்காத குறை.

அடுத்த ஞாயிறு வந்தது. எல்லோரும் வரவேற்பறையில் சிலையின் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, திருகோணமலைத் தங்கச்சி மட்டும் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தாள். பிஸ்கட் தொழிற்சாலைக்காரி அவள்தான். தாய்க்கு ஒரே மகள். முகம் வீங்கியிருந்தது.

"என்னடி?"

"அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துப் போட்டுதாம் அக்கா. வியாழக்கிழமை தந்தி வந்தது. என்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறாவாம்."

"வியாழக்கிழமையோ? இண்டைக்கு ஞாயிறு! ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன அக்கா? பிளேன் ரிக்கற்றுக்குக் காசு எங்க?"

"விசரி, பிள்ளையார் காசு என்னத்துக்குக் கிடக்கு?"

அவள் பதறி எழும்பிவிட்டாள்.

"ஐயோ அக்கா, சாமிக் காசு! சிலைக்கெண்டு சொல்லிப்போட்டினம். அதை எடுத்துக்கொண்டு போனால் அம்மாவுக்குத்தான் ஏதும் நடக்கும். எனக்கு வேண்டாம்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவளுடைய கையைப் பிடித்து வரவேற்பறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தந்தியைச் சொன்னேன். பாவம், பாவம் என்றார்கள். எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். அவருடைய கையெழுத்து இல்லாமல் ஒரு சதக் காசுகூட எடுக்க முடியாது.

அக்கா மெதுவாகச் சொன்னார். "மனசு கேக்கலதான். ஆனா சாமிக்குன்னு நெனச்சதை எப்படிம்மா திருப்பி எடுக்கறது? வேற எங்கயாவது கைமாத்து வாங்க முடியாதா?"

"எங்க வாங்கிறது?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. என் கணவர் இந்தத் தடவை காலை மிதிக்கவில்லை. "அக்கா, மாம்பழத்துக்குப் போட்டி வந்தபோது முருகன் மயிலேறி உலகத்தைச் சுத்தப் போனார். உங்கட பிள்ளையார் என்ன செய்தவர்? தாயையும் தகப்பனையும் சுத்தி வந்துபோட்டு, இதுதான் எனக்கு உலகம் எண்டு சொன்னவர். அப்பிடிப்பட்டவர், பெத்த தாயைப் பாக்கப் போற பிள்ளைக்குத் தன்ர காசைக் குடுக்கமாட்டன் எண்டு சொல்லுவாரோ? சொல்லுவார் எண்டால் சொல்லுங்கோ. நான் இந்தச் சீட்டையே விடுறன்."

திருநெல்வேலிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கொஞ்ச நேரம் தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து தங்கச்சியின் தலையில் கை வைத்தார்.

"அவரே அனுப்பறார்னு நெனச்சுக்கோ. நாளைக்குப் பத்து மணிக்கு பேங்க் கதவு திறக்கறப்ப நான் வாசல்ல நிப்பேன்."

நின்றார். எனக்கு முன்னமே வந்து நின்றார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அங்கிருந்து தங்கச்சியோடு ரயிலில் நகரத்துக்குப் போய், திரும்பி வருவதற்கான விசாவுக்குக் குடிவரவு அலுவலகத்தில் நின்று, பிறகு பயண முகவரிடம் காசை எண்ணிக் கொடுத்து விமானச் சீட்டை வாங்கினோம். எந்தத் தராசும் இல்லை, யாரும் உதட்டைப் பிதுக்கவும் இல்லை. வெளியே வந்தபோது நான் நடந்த நடையை என் கணவர் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கே இரண்டு விதிகளும் செய்தோம். எடுத்தவர் வட்டியில்லாமல், தன்னால் முடிந்த அளவு, மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டும். கோயிலுக்கு வேறு உண்டியல். இரண்டையும் ஒருபோதும் கலப்பதில்லை. இந்த இரண்டாவதை முன்மொழிந்தவர் கும்பகோணத்து அக்கா.

பல கிழமைகள் கழித்துத் தங்கச்சி திரும்பி வந்தாள். வந்த ஞாயிறே முதல் தவணையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தாய் கண் திறந்து அவளைப் பார்த்தாராம். பேச்சும் கொஞ்சம் திரும்பியிருந்ததாம். எல்லோரும் அவளைச் சுற்றி இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தார், கும்பகோணத்தார், திருநெல்வேலிக்காரர் எல்லோரும் இருந்தோம், மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பம்கூட இருந்தது.

"அம்மா முதல் கேட்டது என்ன தெரியுமோ அக்கா? இவ்வளவு காசு ஆர் தந்தது எண்டு. பத்துக் குடும்பம் சேர்ந்து தந்தது எண்டன். அவவுக்கு நம்பிக்கை வரேல்லை. பத்துப் பேரும் ஒரே ஊர்ச் சனமோ எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் அம்மா, ஒரே ஊர்தான் எண்டு சொல்லிப்போட்டன்."