அச்சில் முன்பே நிலை சேர்ந்த தேர்

எழுபதுகளின் இறுதியில், கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு சிறு மாத இதழில், சுற்று ஊர்த் திருவிழாச் செய்திகளை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாதந்தோறும் ஏழெட்டு ஊர்கள். ஆகவே நானே ஒரு வார்ப்பு அமைத்திருந்தேன். ஊர், சுவாமி, நாள், அன்றைய செலவை ஏற்ற மண்டகப்படிக்காரர் ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கும், மற்றவை மாறா. "பக்தர்கள் வெள்ளமெனத் திரண்டு வடம் பிடிக்க, தேர் மாலையில் இனிதே நிலை சேர்ந்தது" என்று முடியும். அச்சுக்கோப்பவர் அந்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூலால் கட்டி வைத்து, பெயர்களை மட்டும் மாற்றுவார்.

ஒரு சித்திரையில், இதழ் அச்சேறும் அவசரத்தில், அழைப்பிதழை மட்டும் பார்த்து ஓர் ஊரின் செய்தியை எழுதிவிட்டேன். இதழ் வெளிவந்ததும் அவ்வூர்க் கோயில் தர்மகர்த்தா அச்சகத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எந்த ஊர்த் தேரைப் பாத்திய?"

இதழைப் பிரித்து அந்தப் பக்கத்தை என் முன் வைத்தார்.

"பாதி வழியில மழை கொட்டிட்டு. கரிசல்ல சக்கரம் புதைஞ்சு ரெண்டு நாளு தேரு நகரல. மழை பாக்க சாமியே நின்னுட்டாருன்னு ஊரே சந்தோசமா பேசுது. ஒங்க பொஸ்தவத்துல ஒரு சொட்டு மழை இல்லையே."

இதழையும் நடத்திய அச்சக உரிமையாளர் நிமிர்ந்தார். "இந்தப் பக்கத்தையே எடுத்துருவோம். எல்லா ஊரும் ஒண்ணு போலத்தான் இருக்கு. யாரு படிக்கா?"

ஒரு மாதம் தவணை கேட்டேன்.

அன்று மாலை வழக்கம்போல் தேவாரப் பதிகம் ஓதுகையில் மனம் அச்சகப் பேச்சிலேயே நின்றது. பாட்டுதோறும் ஈற்றடி மாறாது வருகிறது, ஆயினும் அலுப்பதில்லை. முன்னடிகளில் அந்தந்த ஊரின் வயலும் கழியும் பறவையும் நிற்கின்றன. நானோ முன்னடிகளையும் பூட்டி வைத்திருந்தேன்.

வார்ப்பைத் தலைகீழாக்கினேன். அடுத்த ஆண்டு வர நினைப்பவர் தேடும் விவரங்கள் கடைசி மூன்று வரிகளில், ஒரே வரிசையில், மாறாமல் நின்றன. தொடக்கத்தையும் முடிவையும் வெறுமையாக விட்டேன். "இனிதே", "வெள்ளமென" இரண்டையும் விலக்கினேன். விவரம் கேட்டு ஊர்களுக்கு அனுப்பும் தாளில் ஒரு கேள்வி சேர்த்தேன்: போன ஆண்டு வந்து, இந்த ஆண்டு வராதவர் எதைப் பார்க்கத் தவறினார்?

அடுத்த இதழில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, சேற்றில் நின்ற சக்கரத்திலிருந்து அவ்வூர்ச் செய்தியைத் தொடங்கினேன். தர்மகர்த்தா அச்சகத்திலேயே நின்று படித்தார்.

"சக்கரம் அச்சு வரைக்கும் புதைஞ்சுதுன்னு போட்டிருக்கலாம்."

"புதைஞ்சுதா?"

"இல்ல. போட்டிருக்கலாம்."

உரிமையாளர் சிரித்துவிட்டார். பக்கத்தை எடுக்கும் பேச்சு பிறகு எழவில்லை.

அச்சுக்கோப்பவருக்குத்தான் மனக்குறை. கட்டி வைக்க அவருக்கு மூன்று வரிகளே மிஞ்சின.

"மேல இம்புட்டு எடம் காலியா கெடக்கே, அண்ணாச்சி. என்னத்த வைக்க?"

"திருவிழா முடியட்டும்," என்றேன்.