எப்போதும் ஒரு சிவப்பு வட்டம்

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளர். பாடம் எடுப்பது போக, துறையில் யார் எவ்வளவு பாடம் முடித்திருக்கிறார்கள் என்ற கணக்கும் என் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் எங்கள் ஹெச்.ஓ.டி அதைத் திரையில் போட்டுப் பார்ப்பார். பழைய எக்செல் அட்டவணையில் திட்டமிட்ட மணி, எடுத்த மணி, மீதி, காரணம் என்று பத்திகள் நீண்டுகொண்டே போகும். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அதைச் சுருக்கித் தரச் சொன்னார். ஒரே ஒரு சதவீதப் பத்தி வைத்தேன். எண்ணுக்குப் பின்னால், அந்தக் கட்டத்துக்குள்ளேயே வெளிர் நீலப் பட்டை. பக்கத்தில் ஒடுக்கமாக இன்னொரு பத்தி. அதில் எண்ணை மறைத்துவிட்டு பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் மட்டும். முதல் வாரம் பட்டை ஏமாற்றியது. யாருமே இருபது சதவீதத்தைத் தாண்டாதபோது ஒருவருடைய கட்டம் முழுக்க நீலமாகிவிட்டது. தானாக விட்டால் இருப்பதிலேயே பெரிய எண்ணைத்தான் அது முழு நீளமாக எடுத்துக்கொள்ளும். குறைந்தபட்சம் பூஜ்யம், அதிகபட்சம் நூறு சதவீதம் என்று நானே நிர்ணயித்த பிறகு சரியானது. வட்டங்களை அப்படியே விட்டுவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தன.

ஹெச்.ஓ.டிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதன்பின் அவர் எண்களைப் படிப்பதே இல்லை. சிவப்பு எங்கே என்று தேடுவார், அந்த வரிசைக்கு உரியவரை எழுப்பி நிற்க வைப்பார்.

சர்க்யூட் பாடம் எடுக்கும் சார் ஒருவர் இருந்தார். மனைவிக்குப் பிரசவம் என்று விடுப்பில் போய்வந்தவர். மூன்று வாரமாக அவர்தான் நின்றார். ஒரு நாள் மீட்டிங் முடிந்ததும் என் மேஜைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மேடம், நான் எழுபது பர்சென்ட் முடிச்சிருக்கேன். பட்டை கூட முக்கால்வாசி வந்துடுச்சு. அப்புறம் எனக்கு ஏன் சிவப்பு?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போனபின், வட்டங்களுக்கு எக்செல் தானாக வைத்திருந்த விதியைத் திறந்து பார்த்தேன். முப்பத்து மூன்று சதவீதத்துக்குக் கீழே சிவப்பு என்றுதான் இருந்தது. ஆனால் அது பாடத்தின் சதவீதம் இல்லை. பத்தியில் இருக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக அதிகமான எண்ணுக்கும் நடுவிலுள்ள தூரத்தின் சதவீதம். அன்று குறைவு எழுபது, அதிகம் எண்பத்தைந்து. எழுபத்தைந்தைத் தொடாத எல்லோரும் சிவப்பு. அவர் எவ்வளவு ஓடினாலும் சிவப்பு போகாது, இன்னொருவர் மேல் போய் உட்காரும். யாராவது கடைசியில் இருந்துதானே ஆகவேண்டும்.

விதியின் வகையைச் சதவீதத்திலிருந்து எண்ணுக்கு மாற்றினேன், இனி அவரவர் முடித்த அளவுதான் கணக்கு. ஐம்பதுக்குக் கீழே சிவப்பு, எழுபதிலிருந்து பச்சை. அடுத்த திங்கள் திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சை. அறையில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். சர்க்யூட் சார் அதற்கு முந்தின சனிக்கிழமையும் வகுப்பெடுத்து எண்பத்தாறுக்கு வந்திருந்தார். முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஹெச்.ஓ.டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷீட்டில் என்ன கோளாறு என்று கேட்டார். கோளாறு முன்பு இருந்தது, இப்போதுதான் சரி என்று நான் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"புரியுது மேடம். ஆனா எல்லாமே பச்சையா இருந்தா நான் யாரைக் கேக்கறது? பழையபடியே மாத்திடுங்க."

"சார், அப்படி வச்சா எல்லாரும் தொண்ணூறுக்கு மேல போனாலும் ஒருத்தருக்குச் சிவப்பு வரும்."

"வரட்டுமே. அப்பதான் மத்தவங்க ஓடுவாங்க."

அங்கேயே, எல்லோர் முன்னாலும் மாற்றச் சொன்னார். மவுஸ் என் கையில் இருந்தது. மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். பீர்க்கன்கரணையில் வாங்கிய வீட்டுக்கு மாதத் தவணை, மகளுக்குப் பள்ளி, இந்த வேலையை விட்டால் கோவிலம்பாக்கம் பக்கம் முன்பின் தெரியாத ஒரு கல்லூரி. மாற்றினேன். சிவப்பு வட்டம் என் வரிசையில் வந்து நின்றது. எழுபத்தெட்டு, அன்று அதுதான் கடைசி. எழுந்து நின்றேன். அந்தச் சனிக்கிழமை எனக்குச் சிறப்பு வகுப்பு. அடுத்த வாரம் நான் தப்பித்தேன், ஆய்வகம் பார்க்கும் மேடம் மாட்டினார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சர்க்யூட் சாரிடம் ஒரு நாள் வீடு திரும்பும் ரயிலில் அந்த வட்டக் கணக்கை முழுதாக விளக்கினேன். பெருங்களத்தூர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்களைச் சொல்லல மேடம். ஆனா காரணம் தெரிஞ்சப்புறம் அங்க உக்கார முடியல," என்றார். செமஸ்டர் முடிந்ததும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.

நான் போகவில்லை. ஜூனில் பிரின்சிபால் அலுவலகத்திலிருந்து எல்லாத் துறைகளுக்கும் ஒரு மெயில் வந்தது. இனி எங்கள் துறையின் ஷீட்தான் கல்லூரி முழுமைக்கும் மாதிரி. நிரப்புவது எப்படி என்று மற்ற துறைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் போட்டிருந்தார்கள்.