எட்டடியில் ஒட்டிய டேப்

தேரை வீடியோ எடுப்பது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் காலையில் பயமாகத்தான் இருக்கும். அத்தனை பெரிய சக்கரம், அத்தனை ஜனம், நடுவில் நான் பின்பக்கமாகவே நடந்துகொண்டு. இந்த முறை வீட்டிலேயே ஒரு சண்டை வேறு. அம்மா தேர் பார்க்க வர வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஒரு வருஷமாக அவளுக்கு ஞாபகம் சரியில்லை. வேங்கிக்காலில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போனால்கூட வழி மறந்து நின்றுவிடுவாள். என் மனைவி, "நான் பாத்துக்கறேங்க, கையப் புடிச்சிட்டே இருப்பேன்"னு சொன்னதால்தான் கூட்டிப் போனேன்.

பே கோபுரத் தெருவில் மூடியிருந்த ஒரு கடைப்படியில் இருவரையும் உட்கார வைத்தேன். "தேர் இந்த வழியாத்தான் வரும். இங்கேர்ந்து எழுந்திரிக்கக் கூடாது"ன்னேன். அம்மா வெளிர்பச்சைப் புடவையில் சமர்த்தாகத் தலையாட்டினாள். நான் தேர் இருக்கும் இடத்துக்கு ஓடினேன்.

என் கேமராவில் ஆட்டோஃபோகஸ் இருக்கத்தான் செய்கிறது. தேர்க் கூட்டத்தில் அதை நம்பினால் தொழில் நாசம். யாரோ கும்பிடக் கையைத் தூக்குவார்கள், அது கையைப் பிடித்துக்கொள்ளும். குடை குறுக்கே போகும், குடையைப் பிடிக்கும். கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்ய நேரமும் கிடையாது. அதனால் இருபத்துநாலு எம்.எம். லென்ஸ் போட்டு, அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, சின்னதாக எட்டில் வைத்து, ஃபோகஸ் வளையத்தை எட்டடியில் நிறுத்தி, நகராமல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். அந்த லென்ஸில் அந்த அப்பர்ச்சருக்கு அதுதான் ஹைப்பர்ஃபோகல் தூரம். நாலடியிலிருந்து மலை உச்சி வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸை மறந்துவிட்டுக் காலைப் பார்த்து நடக்கலாம். அன்றைக்கும் மதியம் வரை அப்படித்தான் ஓடியது.

தேர் பே கோபுரத் தெருவுக்குள் திரும்பியபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மேகமும் சேர்ந்துகொண்டது. கேமராத் திரை மங்கலாகத் தெரிந்ததும் பெரிய புத்திசாலி மாதிரி அப்பர்ச்சரை இரண்டு புள்ளி எட்டுக்குத் திறந்துவிட்டேன். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றியிருக்கலாம், படத்தில் புள்ளி புள்ளியாக வருமே என்று பயம். அப்பர்ச்சரைத் திறந்தால் ஹைப்பர்ஃபோகல் தூரம் இருபது அடிக்கு மேல் தள்ளிப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணக் கேமராக்காரப் பையன்களுக்கெல்லாம் வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். ஆனால் டேப் எட்டடியிலேயே இருந்தது. இனிமேல் ஆறடியிலிருந்து பன்னிரண்டடி வரைதான் தெளிவு, அதற்கு முன்னும் பின்னும் கலங்கல். உள்ளங்கை அகலத் திரையில் அது எங்கே தெரிகிறது!

அரைமணி நேரம் கழித்துத் தேர் ஓரிடத்தில் நின்றது. அப்போதுதான் மனைவியின் போன் வந்தது.

"ஏங்க... அத்தயக் காணோங்க."

"என்னாடி சொல்ற?"

"தண்ணி வாங்கத் திரும்பினேங்க. ஒரு நிமிஷம்தாங்க. படியில இல்ல. கால்மணியா தெருவெல்லாம் தேடிட்டேன். உங்களத் தேடிட்டுத்தான் எழுந்து போயிருக்கும் போல..."

ஆயிரக்கணக்கில் தலைகள், அதில் பாதி புடவைகள், அதில் எத்தனையோ பச்சை. "அம்மா, அம்மா"ன்னு கத்தினால் நூறு பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் உதவி மையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் போலீஸ் மைக்கில் அறிவித்தார். பிறகு, "போட்டோ இருந்தா குடுங்க சார், எங்க குரூப்ல போட்டுடறேன். பச்சப் புடவைன்னா யாரத் தேடுறது?" என்றார்.

போனைத் துழாவினேன். ஊரில் உள்ள அத்தனை பேர் கல்யாணமும் காதுகுத்தும் இருந்தது. அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. மனைவி போனில் பொங்கலன்று எடுத்தது ஒன்று இருந்தது, அதிலும் குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க இந்தத் தெருவுலதானே எடுத்துட்டு இருந்தீங்க? அதுல இருப்பாங்கங்க, பாருங்க" என்றாள் மனைவி.

உதவி மையத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து கேமராவில் கடைசி அரைமணிப் பதிவுகளை ஓட்டினோம். தேர்ச் சங்கிலிக்கு அப்பால், இருபது இருபத்தைந்தடி தூரத்தில், ஒரு வெளிர்பச்சைத் திட்டு அசைந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் கலங்கல்தான் பெரிதானது. முகம் இல்லை, கண் இல்லை, நனைந்த துணியில் சாயம் இறங்கின மாதிரி ஒரு பச்சை. மதியம் வைத்திருந்த எட்டிலேயே விட்டிருந்தால் மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணியிருப்பேன்.

சங்கிலி விறைத்தது. ஜனம் ஒரே அடியாக முன்னால் பாய்ந்தது. பச்சைத் திட்டு சட்டென்று கீழே போனது. பக்கத்தில் நாலைந்து கைகள் மேலே எழுந்தன. அதற்குப் பின்னால் தேர் வந்துகொண்டிருந்தது. பதிவு அதோடு முடிந்துவிட்டது. நான் வேறு பக்கம் திரும்பியிருக்கிறேன்.

"அத்தயாங்க அது?"

என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. அடுத்த பதிவைத் தொடவே விரல் வரவில்லை. மனைவிதான் அழுத்தினாள்.

முதலில் தேர், கூட்டம், எல்லாம் கலங்கல். கூட்டத்திலிருந்து ஒரு பச்சை பிரிந்து என்னை நோக்கி வந்தது. இருபதடி, பதினைந்தடி. பன்னிரண்டடிக்குள் கால் வைத்ததும் முகம் துலங்கியது. அம்மா. நெற்றியில் விபூதி, கலைந்த தலை, செருப்பில்லாத கால், புடவையில் முழங்காலிடத்தில் சேறு. விழுந்தது அவள்தான். யாரோ மகராசன் தூக்கி விட்டிருக்கிறான். எட்டடியில் நேராக லென்ஸையே பார்த்தாள். அவ்வளவு தெளிவான படத்தை நான் அன்றைக்கு எடுக்கவேயில்லை.

இன்னும் நெருங்கினாள். மறுபடியும் முகம் கலங்கியது, ஆனால் கேமரா மைக்கில் பதிவான அவள் குரல் கேட்டது. "தம்பி, எம் புள்ள கூட இத மாதிரிதான்..."

அதன்மேல் ஒரு குரல் விழுந்தது. "தள்ளும்மா! குறுக்க வராத, தள்ளு!"

அது என் குரல். திரையில் ஒரு கை நீண்டு அவள் தோளை ஓரமாகத் தள்ளியது. அந்தக் கையில் என் வாட்ச் இருந்தது. நான் அப்போது திரையில் தேர்க் கலசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்க்காமல், எட்டடியில் அம்மா நிமிர்ந்து நின்ற இடத்தில் படத்தை நிறுத்தித் தன் போனால் அதைப் போட்டோ எடுத்தாள். பெண் போலீஸ் அதை உடனே அனுப்பினார். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, பக்கத்துச் சந்திலிருந்து ஒரு காவலர் போன் செய்தார். அன்னதானப் பந்தலில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

ஓடினேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்குடா அழுவுற? எனக்கு ஒண்ணும் ஆவல" என்று இடது கையால் என் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் தோளில் தொங்கிய கேமராவைக் காட்டினாள்.

"இத மாதிரியே ஒருத்தன் வச்சிருந்தான்டா. உன்ன எங்கன்னு கேக்கலாம்னு கிட்ட போனேன். தள்ளிவுட்டுட்டான். யாரு பெத்த புள்ளையோ."