காலியான வரிசைக்கு ஒரு புகார்க் கடிதம்

என் அக்கா எதையும் இரண்டு தடவை பார்க்க மாட்டாள். நாலு கடைகளுக்கும் ஒரு நீச்சல் பள்ளிக்கும் சமூக வலைத்தளத்தில் எழுதிப் போடுகிறவள் அவள்; படம் செய்து கொடுப்பவன் நான். மாதத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சில் எழுதி, எது எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்து, ஒரு செயலியின் வரிசையில் ஏற்றிவிடுவாள். ஏற்றிய கையோடு தன் குறிப்பையும் அழித்துவிடுவாள். "வரிசைல போட்டாச்சுடா, இனி அது பாத்துக்கும்" என்பாள். நானும் ஆமாம் சாமி போட்டேன்.

நீச்சல் பள்ளியின் சேர்க்கை நடந்த இரண்டு வாரமும் ஒரு பதிவுகூட வெளியாகவில்லை. பள்ளி நடத்தும் மாஸ்டர் போன் செய்த பிறகுதான் செயலியைத் திறந்தோம். இருபத்தாறு பதிவுகள் இருந்த இடம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு பதிவு வெளியாகத் தவறினால் எச்சரிக்கை வரும். பதிவே இல்லாதபோது எது தவறும்? மாதச் சந்தா மட்டும் குறித்த தேதியில் கார்டிலிருந்து போயிருந்தது. அதற்கு மறதியே கிடையாது, பாவிகள்!

மாஸ்டர் நேரிலேயே வந்தார். "போட மறந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்மா" என்றார். ஆறு வருடப் பழக்கம். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"அந்தப் பதிவுக்குச் செஞ்ச படமெல்லாம் என்கிட்ட இருக்கு சார்" என்றேன்.

"நீ அவ தம்பி. அந்தக் கம்பெனிக்காரங்க எழுதிக் கொடுக்கட்டும், நம்பறேன்."

"எழுதி வாங்கித் தர்றேன் சார்" என்று வாக்குக் கொடுத்தாள் அக்கா. அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தோம்.

"நீங்க உருப்படுவீங்களான்னு ஆரம்பிக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"சும்மா இரு அக்கா. கணக்கு எண், தேதி, எத்தனை பதிவு, அதை மட்டும் எழுது."

எழுதினாள். பதிவுகளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் எப்படிப் போயின என்று எழுத்தில் சொல்ல வேண்டும், வேலை செய்யாத மாதத்தின் சந்தாவைத் திருப்ப வேண்டும். கடைசியில் நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: "உங்கள் இணையதள முகப்பில், இவர்களை நம்பி நிம்மதியாக இருக்கிறேன் என்று நான் சொன்னது என் படத்தோடு இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள்."

ஒரு மணி நேரத்தில் அக்காவின் படம் போய்விட்டது. பதில் வர நாலு நாள் ஆயிற்று. வரிசையில் பதிவுகள் இருந்ததற்கான தடயம் எதுவும் எங்களிடம் இல்லை, சேவை தடையின்றி இயங்கியதால் சந்தா செல்லும், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

"என்னைத் துடைக்க மட்டும் ஒரு மணி நேரம் போதும் அவங்களுக்கு" என்றாள் அக்கா.

வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சொன்ன வாக்கு என்று அந்தப் பதிலை அப்படியே மாஸ்டருக்கு அனுப்பினாள். அவர் ஒரு வரிதான் எழுதினார்: "அவங்களே இல்லைங்கறாங்களேம்மா."